சிறுபான்மை அரசு கவிழ்ந்தால் பல் காப்புறுதி என்னாகும்?

2024 செப்டெம்பர் 4ஆம் திகதி மாலை கனடாவின் ஸ்காபரோவில் இருந்து ஓர் அம்மா எனக்கு அழைத்தார். வயது எழுபத்திரண்டு, மகன் வீட்டில் இருக்கிறார். “தம்பி, ஒப்பந்தத்தை முறிச்சுப் போட்டாங்களாம். என்ர பல்லுக் கார்ட்டும் போச்சுதோ?” அடுத்த கிழமை பல் பிடுங்க நாள் எடுத்திருந்தவர், செய்தியைக் கேட்டதும் அதை ரத்துச் செய்துவிட்டுத்தான் எனக்கே எடுத்தார். அவர் மேல் பிழையில்லை. ஒட்டாவாவில் என்ன முறிந்தது, தன் கையில் இருப்பது எது என்பதை எந்த அலுவலகமும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 தேர்தலில் ஆளும் லிபரல் கட்சிக்கு 160 ஆசனங்கள். 338 பேர் கொண்ட சபையில் பெரும்பான்மைக்கு 170 வேண்டும். வரவுசெலவுத் திட்டமோ அரசின் செலவுக்கான பண ஒதுக்கீடோ தோற்றால், நம்பிக்கையில்லாப் பிரேரணை வென்றால், அரசு போய்விடும். அதனால் 2022 மார்ச் 22ஆம் திகதி 25 ஆசனம் வைத்திருந்த என்டிபி என்ற புதிய ஜனநாயகக் கட்சியோடு ஒரு ஒப்பந்தம் வந்தது. நம்பிக்கை வாக்கிலும் பண வாக்கிலும் என்டிபி அரசைக் காப்பாற்றும், 2025 ஜூன் வரை கவிழ்க்காது. பதிலுக்கு அது கேட்ட சில வேலைகளை அரசு செய்யும். இது கூட்டணி ஆட்சி இல்லை. என்டிபிக்கு ஒரு அமைச்சர்கூடக் கிடையாது, மற்ற வாக்கெடுப்புகளில் எதிர்த்து வாக்களிக்கவும் அதற்குத் தடையில்லை. அது கேட்ட அந்தப் பட்டியலில் முதலில் நின்றது பல் வைத்தியத் திட்டம். அந்த அம்மாவின் கார்ட் அதில் கிடைத்ததுதான்.

இந்த ஒப்பந்தத்துக்குச் சட்ட பலம் இல்லை. இரண்டு தலைவர்கள் கொடுத்துக்கொண்ட வாக்கு அது. நீதிமன்றத்துக்கும் போக முடியாது, கவுண்டரில் போய் “ஒப்புக்கொண்டீர்களே” என்று கேட்கவும் முடியாது. ஆகவே ஒரு சலுகை நிலைக்குமா என்று தெரிய, அது எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். ஒப்பந்தத் தாளில் மட்டும் இருந்தால் இல்லை என்றே எண்ணிக்கொள்ளுங்கள். சட்டமூலமாகச் சபையில் கிடந்தால், கூட்டத்தொடரை முடித்துவைத்தவுடன் செத்துப்போகும். 2025 ஜனவரி 6ஆம் திகதி அப்படித்தான் நிலுவையில் இருந்த அரச சட்டமூலங்கள் செத்தன. பணம் ஒதுக்கி, ஆட்கள் பதிந்து, வைத்தியருக்குக் காசு போகத் தொடங்கியிருந்தால், ஒப்பந்தம் முறிந்தாலும் அது ஓடும். நிறுத்துவதற்கு ஓர் அரசு தனியாக முடிவெடுக்க வேண்டும். அந்த அம்மாவின் கார்ட் மூன்றாவது படியில் இருந்தது. மறுநாளே திரும்ப நாள் எடுக்கச் சொன்னேன்.

சட்டம் நிறைவேறினாலும் கை வெறுமையாக நிற்கிற இடமும் உண்டு. அதே ஒப்பந்தத்தில் வந்த மருந்துத் திட்டச் சட்டம் 2024 ஒக்டோபரில் நிறைவேறியது. நீரிழிவு மருந்து இலவசம் என்று வானொலியில் கேட்டுவிட்டுப் பலர் மருந்தகத்துக்குப் போய்ச் சங்கடப்பட்டுத் திரும்பினார்கள். ஒவ்வொரு மாகாணமும் ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசோடு தனியாகக் கையெழுத்திட வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. 2025 மார்ச் வரை கையெழுத்திட்டவை மனிடோபா, பிரிட்டிஷ் கொலம்பியா, பிரின்ஸ் எட்வர்ட் தீவு, யூக்கான் மட்டுமே. நம்மவர்கள் அதிகம் வாழும் ஒன்ராறியோ அதில் இல்லை.

சரி, பல் திட்டத்துக்கு வருவோம். குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் கீழே இருக்க வேண்டும் என்றதும் பல பெற்றோர் “மகன் நல்லா உழைக்கிறான், எங்களுக்குக் கிடையாது” என்று விட்டுவிடுகிறார்கள். இங்கே குடும்பம் என்றால் நீங்களும் உங்கள் துணையும்தான். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் மகனின் சம்பளம் கணக்கில் வராது. ஆனால் இருவருமே வருமான வரிப் படிவம் போட்டிருக்க வேண்டும். வீட்டில் இருக்கிற அம்மாவுக்கு வருமானமே இல்லை, எதற்குப் படிவம் என்று விடுகிற வீடுகள்தான் அதிகம் நிராகரிக்கப்படுகின்றன. பூச்சியம் என்றாலும் போடுங்கள்.

அடுத்த கண்ணி வேலைத்தலக் காப்புறுதி. கட்டுப்பணம் அதிகம் என்று நீங்கள் அதில் சேராமல் விட்டிருந்தாலும், சேர வாய்ப்பு இருந்தாலே தகுதி இல்லை. துணையின் வேலை உங்களையும் பிடிக்கலாம். வேலைத்தலம் ஆண்டுதோறும் தரும் சம்பள விபரமான ரி4 படிவத்தின் 45ஆம் பெட்டியைப் பாருங்கள். அதில் 1 என்றால் வேலைத்தலக் காப்புறுதி இல்லை. கணவரின் ரி4இல் 3 இருந்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் காப்புறுதி உண்டு என்று பொருள், கணவரோடு சேர்த்து எல்லோருமே பல் திட்டத்துக்கு வெளியே. சில இடங்களில் கணக்குப் பிரிவு இந்த எண்ணைப் பிழையாக அடித்துவிடுகிறது. அப்போது அரசு அலுவலகம் வேலைத்தலத்திடம் போகச் சொல்லும், வேலைத்தலம் அரசிடம் போகச் சொல்லும். இந்த ஓட்டத்தில் இரண்டு மாதம் தொலைத்த ஒருவரை எனக்குத் தெரியும். ரி4ஐத் திருத்த முடிவது அதைக் கொடுத்தவரால் மட்டும்தான். முதலில் அங்கே எழுத்தில் கேளுங்கள்.

கார்ட் வந்த பிறகும் முழுதும் இலவசம் என்று கதிரையில் ஏறிவிடாதீர்கள். கணவர் 45,000, மனைவி 27,000 என்று வைப்போம். கூட்டினால் 72,000. 70,000க்குக் கீழே இருந்தால் பங்குப் பணம் இல்லை. 70,000 தாண்டி 80,000க்குள் என்றால் திட்டத்தின் கட்டணத்தில் 40 வீதம் உங்கள் தலையில், அதற்கு மேலே 60 வீதம். வைத்தியர் ஒரு வேலைக்கு 100 டொலர் கேட்கிறார், திட்டம் 85தான் ஒத்துக்கொள்கிறது என்றால், 85இல் 40 வீதமான 34 டொலரோடு மிச்ச 15ஐயும் இந்தத் தம்பதி கட்ட வேண்டும். மொத்தம் 49. “திட்டம் எவ்வளவு, நான் எவ்வளவு” என்று தொடங்குமுன் கேளுங்கள். முழுக் காசையும் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கட்டாதீர்கள். திட்டம் வைத்தியருக்குத்தான் நேரே கொடுக்கும், உங்களுக்குத் திருப்பித் தராது. வரவேற்புக் கடிதத்தில் உள்ள தொடக்கத் திகதிக்கு முன்னால் செய்த வேலைக்கும் ஒரு சதம் வராது.

அந்த ஒப்பந்தம் முறிந்த பிறகும் அரசு உடனே விழவில்லை. 2024 செப்டெம்பர் 25ஆம் திகதி நம்பிக்கையில்லாப் பிரேரணை 120க்கு 211 என்று தோற்றது. தேர்தலை விரும்பாத கட்சிகள் அரசை வாக்குக்கு வாக்குத் தாங்கின. 2025 தேர்தலிலும் லிபரலுக்கு 343இல் 169தான். ஒப்பந்தமே இல்லாத நிலையில், அந்த ஆண்டு நவம்பர் 17ஆம் திகதி வரவுசெலவுத் திட்டம் 170க்கு 168 என்று தப்பியது. சிலர் வாக்களிக்காமல் இருந்ததால்தான் தப்பியது. இப்படியான ஒவ்வொரு வாக்கெடுப்பு நாளிலும் எனக்குத் தொலைபேசி அடிக்கிறது. அந்த வாக்கெடுப்பால் கார்ட் நின்றுபோகாது. ஆனால் வரிப் படிவம் போட்டு ஜூன் 1க்குள் புதுப்பிக்காவிட்டால் ஜூன் 30ஆம் திகதியோடு நின்றுபோகும். அந்த அம்மாவின் மகனுக்கு மே மாதத்திலேயே நினைவூட்டும்படி சொல்லி வைத்திருக்கிறேன்.