ஏற்றதை ஆற்றுதல்: உரிமையாகக் கேட்க முடியாத ஒரு பரிகாரம்

ஒப்பந்தத்தை ஒருவர் மீறினால் நீதிமன்றம் இரண்டு விதமாகத் தலையிடலாம். மற்றவருக்கு ஏற்பட்ட நட்டத்தைக் கணக்கிட்டு அதைப் பணமாகக் கொடுக்கச் சொல்வது ஒன்று. 'எதைச் செய்வதாக ஏற்றுக்கொண்டாயோ அதையே செய்' என்று மீறியவருக்குக் கட்டளையிடுவது இன்னொன்று. இந்த இரண்டாவது பரிகாரத்துக்கு ஆங்கிலச் சட்டத்தில் ஸ்பெசிஃபிக் பெர்ஃபாமன்ஸ் என்று பெயர்.

இதைத் தமிழில் 'குறிப்பிட்ட நிறைவேற்றம்', 'குறித்தவாறு நிறைவேற்றுதல்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டு உரிமையியல் வழக்குகளில் புழங்கும் சொல் 'ஏற்றதை ஆற்றுதல்'. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. ஸ்பெசிஃபிக் என்ற சொல்லின் வேர் 'ஸ்பீசீஸ்' என்ற லத்தீன் சொல். அதற்குத் தோற்றம், வகை என்று பொருள். சட்டத்தில் 'இன் ஸ்பீசி' என்றால் ஒரு பொருளை அதே வடிவில், பணமாக மாற்றாமல் கொடுப்பது. ஆக, இங்கே ஸ்பெசிஃபிக் என்பது 'குறிப்பிட்ட' என்ற பொருளில் வரவில்லை, 'அதையே' என்ற பொருளில் வருகிறது. 'குறிப்பிட்ட நிறைவேற்றம்' என்று படிப்பவருக்கு எதுவும் விளங்காது. 'ஏற்றதை ஆற்றுதல்' என்றால் எதை ஏற்றாரோ அதையே ஆற்ற வேண்டும் என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது.

சரி, ஒப்பந்தம் செல்லும், அது மீறப்பட்டதும் நிரூபணமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்தப் பரிகாரம் தானாகக் கிடைத்துவிடாது. நட்டஈடு உரிமை. ஒப்பந்த மீறலை நிரூபித்தால் நீதிபதிக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதைக் கொடுத்தாக வேண்டும். ஏற்றதை ஆற்றச் சொல்லும் கட்டளை அப்படியல்ல, அது நீதிமன்றத்தின் 'டிஸ்கிரிஷன்' என்பது ஆங்கிலச் சட்டத்தின் நிலை. இந்தச் சொல்லைப் பெரும்பாலும் 'விருப்புரிமை' என்று மொழிபெயர்க்கிறோம். குழப்பம் தொடங்குவது இங்கேதான். விருப்புரிமை என்றதும் நீதிபதி விரும்பினால் கொடுப்பார், விரும்பாவிட்டால் மறுப்பார் என்று தோன்றுகிறது. டிஸ்கிரிஷனின் லத்தீன் மூலத்துக்குப் பொருள் பிரித்தறிதல். ஒன்றிலிருந்து ஒன்றைப் பகுத்துப் பார்ப்பதைத்தான் அது குறிக்கிறது, விருப்பத்தை அல்ல. இலங்கைத் தமிழில் இதைத் 'தற்றுணிபு' என்பார்கள். துணிதல் என்றால் முடிவுக்கு வருதல் என்பதால் அது விருப்புரிமையைவிட நல்ல சொல். ஆனால் ஆராய்ந்து தெளிதல் என்ற பொருள் 'தேர்தல்' என்ற வினையில் இருப்பதால், 'உளத்தேர்வு' மூலத்துக்கு இன்னும் நெருக்கமானது. இந்தக் கட்டுரையில் அதையே பயன்படுத்துகிறேன்.

இந்த உளத்தேர்வு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் அதன் எல்லை புரியும். இடைக்கால இங்கிலாந்தில் மன்னரின் பொதுச்சட்ட நீதிமன்றங்கள் பெரும்பாலும் பணத்தை மட்டுமே தீர்ப்பாகக் கொடுத்தன. அங்கே நியாயம் கிடைக்காதவர்கள் மன்னரிடம் முறையிட்டார்கள். மன்னர் அந்த மனுக்களைத் தம் உயர் அதிகாரியான சான்சலரிடம் அனுப்பினார். காலப்போக்கில் சான்சலரின் அலுவலகமே சான்சரி என்ற தனி நீதிமன்றமாயிற்று. அங்கே வளர்ந்த சட்டம்தான் ஈக்விட்டி. 'ஈக்வஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு மேடுபள்ளமில்லாத, சமமான என்று பொருள். தமிழில் நேர்மை நெறி, சமநீதி, ஒப்புரவு என்று பல பெயர்கள் உண்டு. 'ஒப்பு' என்ற வேரில் சமம் என்ற பொருள் இருப்பதால் ஒப்புரவு பொருந்தி வருகிறது. திருக்குறளில் ஒப்புரவறிதல் என்ற அதிகாரத்தில் இச்சொல் ஊருக்கு உதவும் கடமையைக் குறிக்கிறது. சட்டத்தில் எழுதும்போது அந்தப் பொருளைத் தள்ளிவைத்துப் படிக்க வேண்டும்.

முறையீடாகத் தொடங்கியதால் சான்சரியின் உதவி அருளாகவே வழங்கப்பட்டது. அது ஆளின் மனச்சாட்சியைப் பிடித்து, 'இதைச் செய்' என்றது. செய்யாவிட்டால் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறை. பணத்தீர்ப்பைச் சொத்தை ஜப்தி செய்து நிறைவேற்றிவிடலாம். இந்தக் கட்டளையோ ஒருவரின் உடல்மீதும் சுதந்திரத்தின்மீதும் விழுகிறது. இவ்வளவு கடுமையான கருவியை, கேட்டவருக்கெல்லாம் கொடுக்காமல் நிதானித்துக் கொடுத்ததில் நியாயம் இருந்தது.

ஆனால் நிதானம் எப்போது தன்னிச்சையாகும் என்ற கேள்வி உடனே எழுந்தது. ஈக்விட்டியை அளக்கும் கோல் சான்சலரின் மனச்சாட்சி என்றால், அது அவருடைய பாதத்தை நீளத்துக்கு அளவுகோலாக வைப்பதைப் போன்றது, ஆளுக்கு ஆள் மாறும் என்று 17ஆம் நூற்றாண்டில் சட்ட அறிஞர் ஜான் செல்டன் சாடினார். அந்தக் குற்றச்சாட்டு நெடுங்காலம் உறுத்திக்கொண்டிருந்தது. 1818இல் கீ எதிர் பிரிட்சர்ட் வழக்கில் சான்சலர் எல்டன் அதை நினைவுகூர்ந்து, அந்தப் பழிக்குத் தாம் இடம் கொடுத்துவிட்டோம் என்ற எண்ணத்தைவிட வேறெதுவும் பதவி விலகும் நேரத்தில் தமக்கு அதிக வேதனை தராது என்றார். சான்சலரின் பாதத்துக்குப் பதிலாக நிலையான அளவுகோல்களாக நின்றவைதான் ஈக்விட்டியின் 'மேக்சிம்'கள். 'மாக்சிமா புரொபொசிட்டியோ', அதாவது மிகப் பெரிய கூற்று என்ற லத்தீன் தொடரிலிருந்து வந்த சொல் அது. தமிழில் நெறிமொழி என்றால் போதும். முதுமொழி என்றால் வெறும் பழமொழியாகிவிடும். இவையோ வழக்குகளைத் தீர்மானிக்கும் விதிகள்.

நெறிமொழிகள் பல இருந்தாலும், ஏற்றதை ஆற்றும் வழக்கில் முதலில் எழும் கேள்வி பணம் போதுமா என்பது. ஈக்விட்டி பொதுச்சட்டத்தைப் பின்தொடரும், அது தரும் பரிகாரம் போதாதபோதுதான் உள்ளே வரும். சந்தையில் கிடைக்கும் கோதுமையை விற்பவர் கொடுக்கத் தவறினால், வாங்கியவர் அதே கோதுமையை வேறிடத்தில் வாங்கிக்கொண்டு விலை வித்தியாசத்தை நட்டஈடாகப் பெறலாம். வீட்டுக்கு அது பொருந்தாது. ஒரு நிலம் இன்னொரு நிலம் ஆகாது என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய நம்பிக்கை. அதனால்தான் நில ஒப்பந்தங்களில் இந்தப் பரிகாரம் ஏறத்தாழ வாடிக்கையாகவே கிடைக்கிறது. வாடிக்கையாகக் கிடைப்பதைப் பார்த்து உரிமை என்று நினைத்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு.

அடுத்த நெறிமொழி வழக்கறிஞர்கள் அடிக்கடி சொல்வது: ஒப்புரவு கேட்டு வருபவர் தூய கரங்களோடு வர வேண்டும். இதன் ஆழம் 1861இல் தீர்ப்பான வால்ட்டர்ஸ் எதிர் மோர்கன் வழக்கில் தெரியும். மோர்கன் அப்போதுதான் ஒரு நிலத்தை வாங்கியிருந்தார். அதில் சுரங்கம் தோண்டக் குத்தகை கேட்ட வால்ட்டர்ஸ், ஆவணத்தைத் தயாராகக் கொண்டுவந்து, நிலத்தின் உண்மையான மதிப்பு மோர்கனுக்குத் தெரியவருமுன் அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கினார். மோர்கன் பிறகு மறுத்தார், வால்ட்டர்ஸ் வழக்குப் போட்டார். ஒப்பந்தத்தை ரத்து செய்யும் அளவுக்கு மோசடி எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் நீதிமன்றம் ஏற்றதை ஆற்றச் சொல்ல மறுத்தது. உளத்தேர்வு என்பதன் பொருள் இங்கேதான் துலங்குகிறது. ஒப்பந்தம் செல்லுமா என்பது ஒரு கேள்வி. அதை நிறைவேற்ற ஈக்விட்டி கை கொடுக்குமா என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் ஒரே வழக்கில் விடை வரலாம்.

தூய கரம் என்றால் வாழ்நாள் முழுதும் மாசற்றவராக இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. 1787இல் டெரிங் எதிர் வின்ச்செல்சி பிரபு வழக்கில் எதிர்த்தரப்பு, வாதி தன் சகோதரனைச் சூதாட்டத்துக்குத் தூண்டியவர் என்று வாதிட்டது. நடத்தை கெட்டதாகவே இருந்தாலும், கேட்கும் பரிகாரத்தோடு அதற்கு நேரடியான தொடர்பு இருக்க வேண்டும் என்று சொல்லி நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. இந்த வரம்பு இல்லாவிட்டால் தூய கரம் என்ற நெறிமொழியே சான்சலரின் பாதமாகிவிடும்.

கரங்கள் தூயவையாக இருந்தும் மறுக்கப்படலாம். 1984இல் வெளியான ஓர் ஆங்கிலத் தீர்ப்பு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1979இல் ஒரு வீட்டை விற்க ஒப்பந்தம் ஆனது. வாங்குபவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. திவால் நடவடிக்கை ஒன்றை ஒட்டி எழுந்த சிக்கல்களால், யாருடைய குற்றமும் இல்லாமல், ஆண்டுக்கணக்கில் தாமதமாயிற்று. அதற்குள் விற்பவரான பெண்ணுக்கு எலும்புப் புற்றுநோய் வந்து ஒரு கால் அகற்றப்பட்டது. கணவர் சிறைக்குப் போனார். சிறு குழந்தைகளோடு இருந்த அவரால் அக்கம்பக்கத்து உறவினர், நண்பர் உதவியில்லாமல் அன்றாடத்தைக் கடத்த முடியவில்லை. அந்த வீட்டைவிட்டுப் போனால் அந்த உதவியும் போய்விடும்.

நீதிபதி கோல்டிங் முன் இருந்த சிக்கல் இதுதான். இந்தக் கஷ்டம் ஒப்பந்தம் ஆன பிறகு வந்தது, வாங்குபவர்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பொதுவாக அப்படிப்பட்ட கஷ்டம் காரணமாகாது. வீட்டு விலை ஏறிவிட்டது, கையில் பணமில்லை, உடம்பு சரியில்லை என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதற்கெல்லாம் இடம் கொடுத்தால் எந்த ஒப்பந்தமும் நிற்காது. ஆனால் இங்கே அநீதி என்றே சொல்லத்தக்க அளவுக்குத் துன்பம் இருக்கிறது, நீண்ட தாமதமும் அதில் சேர்ந்திருக்கிறது, வாங்குபவர்களுக்குப் பணம் ஓரளவு ஈடாகும் என்று பார்த்து, அவர் கட்டளையை மறுத்து நட்டஈட்டின் பக்கம் அனுப்பினார். வாங்குபவர்கள் வெறுங்கையோடு போகவில்லை, அவர்களின் சட்ட உரிமை பணமாக மீந்தது. மறுக்கப்பட்டது ஈக்விட்டியின் கூடுதல் உதவி மட்டும்தான்.

இப்படிப் பார்த்தால் உளத்தேர்வில் நீதிபதியின் சொந்த விருப்பத்துக்கு எவ்வளவு குறைந்த இடம் என்பது தெரியும். கேள்விகள் முன்கூட்டியே தெரிந்தவை: பணம் போதுமா, வாதியின் நடத்தை எப்படி, வாதி தன் பங்கைச் செய்யத் தயாரா, அநியாயமாகத் தாமதித்தாரா, கட்டளை பிரதிவாதிமேல் தாங்க முடியாத துன்பத்தைச் சுமத்துமா. விடையை விளக்காமல் ஒரு நீதிபதி மறுத்தால் மேல்முறையீட்டில் அது திருத்தப்படலாம்.

இந்திய வாசகர்கள் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இந்தப் பரிகாரத்தை இந்தியாவில் ஆளும் 1963ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் பிரிவு 20 இந்தப் பழைய நிலையை அப்படியே எழுதி வைத்திருந்தது: அதிகாரம் உளத்தேர்வுக்குரியது, ஆனால் தன்னிச்சையானதல்ல. 2018இல் செய்த திருத்தம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டு, சட்டத்தில் சொன்ன விதிவிலக்குகளுக்கு உட்பட்டு நீதிமன்றம் இந்தப் பரிகாரத்தைக் கொடுத்தாக வேண்டும் என்று மாற்றியது. அது 2018 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே பழைய தீர்ப்புகளில் 'விருப்புரிமை' என்ற சொல்லைப் பார்த்து, இன்றும் அதுவே நிலை என்று நினைத்துவிடக்கூடாது. தன் பங்கைச் செய்யத் தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததை வாதி நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் பிரிவு 16இல் தொடர்கிறது. ஒப்புரவு வேண்டுபவர் தாமும் ஒப்புரவு செய்ய வேண்டும் என்ற நெறிமொழியின் சாயல் அதில் இருக்கிறது.

பரிகாரம் மறுக்கப்படலாம் என்பது தெரிந்த வழக்கறிஞர் மனுவை எழுதும் விதமே வேறாக இருக்கும். ஏற்றதை ஆற்றக் கேட்கும் அதே மனுவில், அது கிடைக்காவிட்டால் நட்டஈடும் முன்பணமும் வேண்டும் என்று மாற்றுப் பரிகாரத்தையும் கேட்பார். இங்கிலாந்தில் இந்த இரண்டையும் ஒரே நீதிமன்றம் கொடுக்க வழி பிறந்தது 1858ஆம் ஆண்டுச் சட்டத்தால். அதற்குமுன் சான்சரியில் தோற்றவர் நட்டஈட்டுக்குப் பொதுச்சட்ட நீதிமன்றத்தில் புதிதாக வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. இந்தியச் சட்டத்தில் முன்பணத்தைத் திரும்பப் பெற மனுவில் அதைத் தனியே கேட்டிருக்க வேண்டும். கேட்க மறந்தவர் வழக்கு முடியுமுன் மனுவைத் திருத்திச் சேர்த்துக்கொள்ள நீதிமன்றம் இடம் கொடுக்கும்.