லாரி போன பிறகு ஏன் கை நடுங்குகிறது?

சாலையைக் கடக்கக் காலை எடுத்து வைக்கிறீர்கள். காதைப் பிளக்கும் ஹாரன் சத்தம். ஒரே தாவலில் பின்னுக்கு வந்துவிடுகிறீர்கள், லாரியும் போய்விடுகிறது. எல்லாம் இரண்டே விநாடிதான். அப்புறம்தான் வேடிக்கை: ஓரமாக நின்று மூச்சு வாங்கும்போது நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, விரல்கள் நடுங்குகின்றன. ஆபத்து போன பிறகு உடம்பு எதற்காக இத்தனை பரபரக்கிறது?

“அட்ரினலின் சுரந்ததால்தான் தாவினேன்” என்று பலரும் சொல்வார்கள். அந்தத் தாவலில் அட்ரினலினுக்குப் பங்கு ஏதும் இல்லை. அது மூளை, தண்டுவடம், தசை ஆகியவற்றின் வேலை. இதயத்தின் முதல் துள்ளல்கூட, ஆபத்தில் உடம்பை உசுப்பிவிடும் பரிவு நரம்புகள் இதயத்துக்கு நேராக வந்து, அட்ரினலினின் நெருங்கிய உறவான நார்அட்ரினலினை அங்கேயே கொட்டுவதால் வருவது. அட்ரினலின் கிளம்பும் இடமோ சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி. அங்கிருந்து சிரை வழியாக இதயத்தின் வலப்பக்கம், நுரையீரல், மறுபடி இதயத்தின் இடப்பக்கம், பிறகுதான் தமனிகள் வழியாகக் கை, கால், கல்லீரல் என்று ஒரு சுற்றுப் போக வேண்டும். அதற்குப் பல விநாடிகள் ஆகும். அதற்குள் லாரி அடுத்த தெருவில் இருக்கும்.

இந்தச் சுரப்பிக்கு இரண்டு அடுக்குகள். வெளியே புறணி, உள்ளே அகணி. அட்ரினலின் வருவது அகணியிலிருந்து. அகணியின் செல்களைப் பார்த்தால் சுரப்பிச் செல்கள் போலத் தெரியும். பிறவியில் அவை நரம்புச் செல்களின் உடன்பிறப்புகள். கருவில் இரண்டும் ஒரே திசுவிலிருந்து வருகின்றன. நீண்ட வாலை வளர்க்காமல், இரத்தத்தையே வாலாக வைத்துக்கொண்ட நரம்புச் செல் என்று நான் இதை நினைத்துக்கொள்வதுண்டு. தண்டுவடத்திலிருந்து வரும் நரம்பு இந்தச் செல்லின் மேல் அசிட்டைல்கோலின் என்ற செய்திப் பொருளைச் சிந்துகிறது. செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது. உள்ளே ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்த நுண்பைகள் செல்லின் ஓரத்தில் வந்து ஒட்டி, வெடித்துத் திறந்து, சரக்கை இரத்தத்தில் கொட்டுகின்றன. ஆபத்து வந்த பிறகு தயாரிக்கத் தொடங்கினால் நேரம் போதாது. அதனால் தயாரிப்பு அமைதியான நேரத்திலேயே முடிந்திருக்கும்.

அந்தத் தயாரிப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மூலப்பொருள் டைரோசின், புரதங்களில் சாதாரணமாக இருக்கும் ஓர் அமினோ அமிலம். ஒரு நொதி அதில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்த்து டோபாவாக்குகிறது. மொத்த வரிசையிலும் மெதுவான படி இதுதான். இதன் வேகமே மற்றவற்றின் வேகம். விளைபொருள் அதிகமாகத் தேங்கினால் இந்த நொதி அடங்கிவிடும். நரம்புத் தூண்டல் வந்தால் வேகமெடுத்துக் காலியான பைகளை மறுபடி நிரப்ப உதவும். அடுத்த நொதி டோபாவிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கழற்ற, டோபமின் கிடைக்கிறது. டோபமின் நுண்பைக்குள் ஏற்றப்படுகிறது. பைக்குள் இருக்கும் இன்னொரு நொதி, வைட்டமின் சி துணையோடு, அதை நார்அட்ரினலினாக்குகிறது.

இதோடு நிறுத்தியிருந்தால் நரம்புகள் செய்வதும் இதுவும் ஒன்றுதான். அகணி இன்னும் ஒரு படி போகிறது. நார்அட்ரினலின் பையிலிருந்து வெளியே வந்து, செல்திரவத்தில் இருக்கும் பிஎன்எம்டி என்ற நொதியிடம் ஒரு மெத்தில் தொகுதியை வாங்கிக்கொள்கிறது. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான் வித்தியாசம். இப்போது அது அட்ரினலின். உடனே மறுபடி பைக்குள் திரும்புகிறது. இப்படி உள்ளே, வெளியே, உள்ளே என்று போய்வரும் சரக்கு எனக்கு இன்றும் வியப்புதான்.

அந்தக் கடைசி நொதி எல்லாச் செல்லிலும் இருப்பதில்லை. அதை நன்றாக உற்பத்தி செய்யக் கார்டிசோல் என்ற ஹார்மோன் நிறைய வேண்டும். கார்டிசோல் வருவது வெளியே சூழ்ந்திருக்கும் புறணியிலிருந்து. புறணியைக் கடந்த இரத்தத்தில் ஒரு பகுதி நேராக அகணிக்குள்தான் வடிகிறது. உடம்பின் மற்ற இடங்களில் நீர்த்துப் போவதற்கு முன்பே, அடர்த்தியான கார்டிசோலில் அகணி குளிக்கிறது. அகணியைப் புறணி சுற்றி மூடியிருப்பதன் பலன் இது. சில சுறாக்களில் இந்த இரண்டு திசுக்களும் தனித்தனியாகக் கிடக்கின்றன. அங்கே முக்கியமாக நார்அட்ரினலின்தான் கிடைக்கிறது. மனிதனின் அகணி வெளியிடுவதில் சுமார் 80 விழுக்காடு அட்ரினலின்.

சரி, ஒரு மெத்தில் தொகுதிக்கு இத்தனை ஏற்பாடு ஏன்? அது சேர்ந்த அட்ரினலின், செல்களின் மேல் செய்தி வாங்கும் பீட்டா-2 என்ற ஏற்பிகளின் பூட்டுக்கு நன்றாகப் பொருந்தும் சாவி. நார்அட்ரினலின் அங்கே மிகவும் பலவீனம். பீட்டா-2 இருப்பது மூச்சுக்குழாய்த் தசையில்; அங்கே தளர்வு, காற்று எளிதாகப் போகிறது. எலும்புத் தசைகளின் இரத்தக்குழாய்களில், அங்கே விரிவு. கல்லீரலில், ஓர் அட்ரினலின் மூலக்கூறு வெளியே ஒட்டிக்கொண்டதும் செல்லுக்குள் சுழல் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறுகள் பல உண்டாகி, அவை நொதிகளைத் தூண்டி, அந்த நொதிகள் மேலும் பலவற்றைத் தூண்டி, சேமிப்பில் இருந்த கிளைகோஜன் குளுக்கோஸாக உடைந்து இரத்தத்துக்கு வருகிறது. தோலிலும் குடலிலும் இருப்பது வேறு ஏற்பி, ஆல்பா. அங்கே அதே அட்ரினலின் குழாய்களைச் சுருக்குகிறது. முகம் வெளிறுவது அதனால்தான். எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடம்பை ஆயத்தப்படுத்துவது என்று நாம் சொல்வது, ஒரே மூலக்கூறு ஒவ்வோர் உறுப்பிலும் வேறு பூட்டைத் திறப்பதுதான்.

விரல் நடுக்கத்துக்கு வருவோம். எலும்புத் தசைகளிலும் பீட்டா-2 ஏற்பிகள் உண்டு. தூண்டப்பட்டால் தசையின் சுருங்கித் தளரும் தாளம் மாறி, எப்போதும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் இயல்பான நடுக்கம் பெரிதாகிவிடும். ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் உறிஞ்சுபவர்களுக்குப் பயம் எதுவும் இல்லாமலே கை நடுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மருந்தும் இதே பூட்டைத்தான் திறக்கிறது. இரத்தத்தில் அட்ரினலின் பாதியாகக் குறைய இரண்டு மூன்று நிமிடம் போதும். அதனால் கொஞ்ச நேரத்தில் விரல்கள் அடங்கும். லாரியை மறுபடி மறுபடி நினைத்தால் மட்டும் நரம்பு புதிதாகத் தட்டிக்கொண்டே இருக்கும்.

இரண்டு அட்ரீனல் சுரப்பிகளையும் அறுவை சிகிச்சையில் நீக்கியவர்களுக்கு என்ன ஆகும்? கார்டிசோலும், புறணியின் இன்னொரு ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன் வகை மருந்தும் வாழ்நாள் முழுக்கக் கொடுத்தாக வேண்டும். அட்ரினலினை யாரும் மாத்திரையாகக் கொடுப்பதில்லை. நரம்புகள் தரும் நார்அட்ரினலின் பெரும்பாலும் சமாளித்துக்கொள்கிறது. ஆனால் பிறவியிலேயே புறணியால் கார்டிசோலைச் சரிவரச் செய்ய முடியாத குழந்தைகளின் அகணி சரியாக வளர்வதில்லை, அட்ரினலினும் குறைவு. காய்ச்சலோ பட்டினியோ வரும்போது அவர்களின் இரத்தச் சர்க்கரை ஆபத்தாக இறங்கக்கூடும். இதில் கார்டிசோல் குறைவுக்கும் பங்கு உண்டு, அட்ரினலின் குறைவுக்கும் உண்டு.

எதிர்த் திசையில் ஒரு கோளாறு: அகணிச் செல்களில் தோன்றும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி. திடீர்த் தலைவலி, வியர்வை, படபடப்பு, ஏறும் இரத்த அழுத்தம்; பிறகு ஒன்றுமே நடக்காதது போல அமைதி. அந்த அமைதியில் இரத்தம் எடுத்து அட்ரினலினை அளந்தால் சாதாரணமாகவே இருக்கலாம். ஆனால் கட்டிக்குள் பைகளிலிருந்து எப்போதும் கசிந்துகொண்டே இருப்பது, அங்கேயே ஒரு நொதியால் மெட்டாநெஃப்ரினாக மாறி இரத்தத்துக்கு வருகிறது. அதனால் மருத்துவர்கள் அதைத்தான் அளக்கிறார்கள். அந்த அளவிலும் மெத்தில் தொகுதி ஒரு துப்புக் கொடுக்கிறது. நார்அட்ரினலினின் சிதைபொருள் நார்மெட்டாநெஃப்ரின். அட்ரினலின் வழிவந்த மெட்டாநெஃப்ரின் தெளிவாக உயர்ந்திருந்தால் கட்டி அநேகமாக அட்ரீனலுக்குள் இருக்கும். நார்மெட்டாநெஃப்ரின் மட்டும் உயர்ந்திருந்தால் அட்ரீனலோடு நிற்காமல் வயிற்றின் மற்ற பகுதிகளிலும் தேட வேண்டும். முதுகெலும்பை ஒட்டிய பரிவு நரம்பு முடிச்சுகளில் தோன்றும் கட்டிகளுக்குப் பக்கத்தில் கார்டிசோல் கொடுக்கும் புறணி கிடையாது.