ஆக்சிஜன் 97 காட்டுகிறது, மாடிப்படி ஏற முடியவில்லை

கொரோனா வந்து போய் மூன்று நான்கு மாதம் ஆகியும் மூச்சு வாங்குகிறது, உடம்பில் தெம்பே இல்லை என்று வருகிறவர்களின் ஃபைலைப் பிரித்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றுமில்லை. ஈ.சி.ஜி. நார்மல். பல்ஸ் ஆக்சிமீட்டரில் 97. "எல்லாம் சரியாத்தான் இருக்கு, தினமும் நடங்க, போகப் போகச் சரியாகிடும்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

அந்த அறிவுரை சிலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. வேறு சிலரை அதே அறிவுரை படுக்கையில் தள்ளிவிடுகிறது. யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள நான் முதலில் பார்ப்பது இரண்டே விஷயம். ஒரு நிமிடம் உடம்பை வருத்தினால் என்ன ஆகிறது? வருத்திய மறுநாள் என்ன ஆகிறது? நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது எடுத்த 97 இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாது.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 48, பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. கொரோனாவில் ஆக்சிஜன் வைத்து, ஸ்டீராய்டு ஊசி போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து மூன்றரை மாதம் ஆகிவிட்டது. முதல் மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. பேச்சுவாக்கில் அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என் காதில் விழுந்தது: "தரையில உட்கார்ந்தா கையை ஊணாம எந்திரிக்க முடியல டாக்டர்."

கை வைக்காமல் நாற்காலியில் எழுந்து உட்காரச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை முடிகிறது என்று எண்ணுவதுதான் சோதனை. விரலில் ஆக்சிமீட்டர் மாட்டியே இருக்கும். இந்த வயதில் ஆரோக்கியமாக இருக்கும் ஒரு பெண் சாதாரணமாக 30ஐத் தாண்டிவிடுவார். இவருக்கு 14தான் முடிந்தது. நாடித்துடிப்பு 94இல் இருந்து 130க்கு ஏறியது. ஆக்சிஜன் மட்டும் 97இல் இருந்து 96, அவ்வளவுதான்.

இந்தச் சோதனையில் ஆக்சிஜன் 3 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் நுரையீரலை விடாமல் தேட வேண்டும். சோதனை முடிந்த உடனே கருவியைக் கழற்றிவிடக் கூடாது. பலருக்கு உட்கார்ந்த பிறகுதான் அளவு இறங்கும், அதனால் இன்னும் ஒரு நிமிடமாவது பார்க்க வேண்டும். விரல் சில்லென்று இருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ வரும் எண்ணை நம்ப முடியாது. உட்கார்ந்திருக்கும்போதே அளவு குறைவாக இருப்பவர்களும் நெஞ்சுவலி உள்ளவர்களும் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

அளவு நிஜமாகவே இறங்குகிறது என்றால் சி.டி. ஸ்கேன் தேவைப்படும். நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கலாம். ஆறாமல் நிற்கும் ஒருவகை நிமோனியா இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு கொடுத்தால் நன்றாகக் கேட்கும். நுரையீரல் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். திடீரென்று மூச்சு முட்டுவது, ஒரு கால் மட்டும் வீங்குவது, மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துவது, இருமலில் ரத்தம் வருவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமர் அதிகம் என்ற ஒரு தாளை மட்டும் வைத்துக்கொண்டு ரத்தக்கட்டி என்று முடிவு கட்ட முடியாது, அது பல காரணங்களால் ஏறும்.

சரி, இவருக்கு அளவு இறங்கவில்லை. அப்படியென்றால் நாடி ஏன் இப்படி ஓடுகிறது, கால் ஏன் எழும்பவில்லை?

பையைக் கொட்டச் சொன்னேன். உள்ளே ஸ்டீராய்டு மாத்திரை அட்டை ஒன்று, பாதி காலியாக. டிஸ்சார்ஜ் சீட்டில் பத்து நாளைக்கு எழுதியது. அதைச் சாப்பிட்டால் தெம்பாக இருக்கிறது என்று பழைய சீட்டைக் காட்டியே மருந்துக்கடையில் வாங்கி வந்திருக்கிறார். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தால் தொடை, இடுப்புத் தசைகள் கரையும். தரையிலிருந்து எழ முடியாது, படி ஏற முடியாது, கையைத் தூக்கித் தலைவாரச் சிரமப்படுவார்கள். வலி பெரும்பாலும் இருக்காது, அதனால் யாரும் தசையைச் சந்தேகப்படுவதில்லை. சர்க்கரையும் ஏறியிருந்தது, சாப்பிட்ட பின் 262. அதற்கு முன் அவருக்குச் சர்க்கரை நோய் என்று யாரும் சொன்னதில்லை.

அடுத்து ஹீமோகுளோபின், 8.4. ஒரு வருடமாகவே மாதவிடாயில் போக்கு அதிகம் என்று கேட்ட பிறகுதான் சொன்னார். ஹீமோகுளோபின்தான் ஆக்சிஜனைச் சுமக்கும் லாரி. ஆக்சிமீட்டர் 97 காட்டுகிறது என்றால், ஓடுகிற லாரிகளில் சரக்கு நிறைந்திருக்கிறது என்றுதான் பொருள். மொத்தம் எத்தனை லாரி ஓடுகிறது என்பதை அந்தக் கருவி சொல்லாது. ஹீமோகுளோபின் குறைந்தவருக்கு ஆக்சிஜன் எண் அழகாக இருக்கும், மூச்சு மட்டும் வாங்கும். கொரோனாவுக்குப் பிறகான மூச்சிரைப்பில் நான் அடிக்கடி பார்க்கிற, அதே அளவு அடிக்கடி தவறவிடப்படுகிற காரணம் இதுதான். சில நூறு ரூபாய் ரத்தப் பரிசோதனை செய்யாமல் நேரே ஸ்கேனுக்கு அனுப்பப்பட்டவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இதயத்துக்கு எக்கோ எடுத்தோம், சரியாக இருந்தது. தைராய்டும் சரி. ஸ்டீராய்டும் சர்க்கரையும் சேர்ந்தால் காசநோய் தலைதூக்கும் என்பதால் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு பற்றிக் கேட்டேன். இரண்டு வாரமாக இருமல் இருந்ததால் சளியைச் சிபிநாட் சோதனைக்கு அனுப்பினோம், கிருமி இல்லை என்று வந்தது. நம் ஊரில் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. மூன்று மாதத்துக்கு மேல் தொடரும் தொந்தரவுக்கு வேறு நோய் எதுவும் காரணமில்லை என்று பார்த்த பிறகே 'கொரோனாவுக்குப் பிந்தைய நிலை' என்ற பெயரை உலக சுகாதார நிறுவனமும் வைக்கச் சொல்கிறது. முதல் நாளிலேயே அந்தப் பெயரை எழுதிவிட்டால் தேடல் நின்றுவிடும்.

ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தவில்லை. மாதக்கணக்கில் சாப்பிட்ட பிறகு ஒரே நாளில் விட்டால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஹார்மோன் உடனே சுரக்காமல் வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்த வீழ்ச்சி வரும். படிப்படியாகக் குறைத்தோம். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு சேர்க்காமல் சாப்பிடச் சொன்னோம். மகப்பேறு மருத்துவரிடமும் அனுப்பினோம்.

அப்புறம்தான் உடற்பயிற்சி. அதற்கு முன் இரண்டாவது கேள்வியைக் கேட்டேன்: "ஒரு நாள் கொஞ்சம் அதிகமா வேலை செஞ்சா மறுநாள், அதுக்கு அடுத்த நாள் எப்படி இருக்கும்?" "அலுப்பா இருக்கும், தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்" என்றார். இவருக்குப் படிப்படியான பயிற்சி தரலாம்.

முதல் வாரம் நாற்காலியில் ஐந்து முறை எழுந்து உட்காருவது, காலையும் மாலையும். சமதளத்தில் ஐந்து நிமிட நடை, இரண்டு வேளை. சிரமத்துக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் போடச் சொன்னால் 2, 3ஐத் தாண்டக் கூடாது. நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். ஒரு வாரம் முழுக்க அதே அளவு. வாரக் கடைசியில் அலுப்பு கூடவில்லை என்றால் நடையில் இரண்டு நிமிடம் அல்லது எழுந்து உட்காருவதில் ஓரிரு முறை கூட்டுவோம். இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டுவதில்லை. நன்றாக இருக்கிறதே என்று ஒரே நாளில் அரை மணி நேரம் நடந்துவிடுவதுதான் இந்தக் கட்டத்தில் அதிகம் நடக்கும் தவறு.

இயன்முறை மருத்துவர் அவருக்கு மாடி ஏறவும் சொல்லிக்கொடுத்தார். காலைத் தூக்கி வைக்கும்போது உதட்டைக் குவித்து மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சு முட்டிய பிறகு நிற்கக் கூடாது. முட்டுவதற்கு முன்பே, திருப்பத்தில் நின்றுவிட வேண்டும். அடுப்படியில் மூச்சு வாங்கினால் மேடையில் முழங்கையை ஊன்றி முன்பக்கம் குனிந்து, தோளைத் தளர விட வேண்டும். தசை திரும்ப வளரப் புரதம் வேண்டும் என்பதால் தினமும் முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் சேர்த்தோம். மூன்று மாத முடிவில் ஹீமோகுளோபின் 11.6, நாற்காலிச் சோதனையில் 27. மாடியை நிற்காமல் ஏறினார். பெரிய சோற்று அண்டாவைத் தூக்க மட்டும் இன்னும் ஆள் வேண்டியிருந்தது.

இதே பயிற்சித் தாளை இன்னொருவருக்குக் கொடுத்திருந்தால் கெடுதல் செய்திருப்பேன். 29 வயது, ஐ.டி. வேலை. கொரோனாவை வீட்டிலேயே மாத்திரையில் சமாளித்தவர். ரத்தம், ஸ்கேன், எக்கோ எல்லாம் சரி. நாற்காலிச் சோதனையில் 32, ஆக்சிஜன் இறங்கவே இல்லை. ஆனால் ஜிம்முக்குப் போனால் அன்று ஒன்றும் ஆகாது, மறுநாள் மாலை அடித்துப் போட்டது மாதிரி ஆகி, யோசிக்க முடியாமல், மூன்று நாள் படுக்கை. ஒவ்வொரு முறையும் இப்படித்தான்.

இது பயிற்சி இல்லாத உடம்பின் அலுப்பு அல்ல. உழைப்புக்குப் பின் ஒரு நாள், இரண்டு நாள் தாமதித்து வரும் இந்தச் சரிவு உள்ளவர்களுக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று கூட்டிக்கொண்டே போகும் பயிற்சியைத் தரக் கூடாது. இதே சரிவு முக்கிய அறிகுறியாக இருக்கும் நாள்பட்ட களைப்பு நோய்க்கு, அப்படிப்பட்ட பயிற்சித் திட்டத்தை இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2021 அக்டோபர் வழிகாட்டுதலில் விலக்கியது. இவர்களைச் சோம்பல், மனப்பிரமை என்று வீட்டில் சொல்வது வழக்கம். பரிசோதனைத் தாள்கள் சுத்தமாக இருப்பதால் சில மருத்துவர்களும் அதையே சொல்லிவிடுகிறோம்.

அவரைப் படுக்க வைத்து நாடி பார்த்தேன், 74. எழுந்து அசையாமல் நிற்க வைத்துப் பத்து நிமிடம் பார்த்ததில் 114 வரை போனது, ரத்த அழுத்தம் விழவில்லை. நின்றால் 30க்கு மேல் நாடி எகிறுவது, கூடவே தலை கிறுகிறுப்பு, படபடப்பு: இது தன்னியக்க நரம்புகளின் கோளாறு. தண்ணீரையும் உப்பையும் கூட்டினோம்; ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் இதைத் தாங்களாகச் செய்யக் கூடாது. காலுக்கு அழுத்தக் காலுறை போட்டோம். ஜிம்மை நிறுத்தினோம். தினமும் செய்த வேலையையும் இரண்டு நாள் கழித்து உடம்பு இருந்த நிலையையும் நோட்டில் எழுதச் சொன்னேன். மூன்று வாரத்தில் அவருடைய எல்லை அவருக்கே தெரிந்தது: தொடர்ந்து 40 நிமிடத்துக்கு மேல் மீட்டிங்கில் உட்கார்ந்தாலும் சரிவு வருகிறது. குளிப்பதைக்கூட உட்கார்ந்து செய்து, களைப்பு வருவதற்கு முன்பே படுத்து ஓய்வெடுக்கப் பழகினார்.

ஆறு மாதம் கழித்து வீட்டிலிருந்தே அரை நாள் வேலை பார்க்கிறார். சரிவு மாதத்தில் ஒரு முறை என்ற அளவுக்கு வந்திருக்கிறது. ஜிம் எப்போது என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். இப்போது படுத்தபடி காலை நீட்டி மடக்கும் சில அசைவுகள் மட்டும் கொடுத்திருக்கிறோம். அடுத்த அளவை முடிவு செய்வது அந்த நோட்டுதான்.