மாதுளைச் சாறு கொலஸ்ட்ரால் மாத்திரையுடன் மோதுமா?

மாதுளைச் சாறு ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு குறைக்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எட்டு மருத்துவச் சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து 2017-ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, சாறு குடித்தவர்களின் மேல் அழுத்தம் சராசரியாக ஏறத்தாழ 5 மில்லிமீட்டரும், கீழ் அழுத்தம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டரும் இறங்கின. 150 என்று காட்டிய கருவி 145 என்று காட்டும், அவ்வளவே. வழக்கமான அளவில் எடுத்துக்கொள்ளும் ஒரு ரத்த அழுத்த மாத்திரை ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் குறைக்கிறது என்பதால், சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவது கணக்கிலேயே உதைக்கிறது.

இந்தச் சிறிய இறக்கத்துக்கு ஒரு காரணம், மாதுளையின் துவர்ப்புக்கு அடிப்படையான பாலிஃபீனால்கள் என்னும் தாவர வேதிப்பொருட்கள். ரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்யும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற பொருளை நம் உடல் ஏ.சி.இ. என்னும் நொதியைக் கொண்டு தயாரிக்கிறது. உயர் ரத்த அழுத்தம் உள்ள பத்துப் பேர் இரண்டு வாரம் தினமும் 50 மில்லிலிட்டர் சாறு குடித்தபோது, அவர்களில் ஏழு பேரின் ரத்தத்தில் அந்த நொதியின் செயல்பாடு சுமார் 36 சதவீதம் குறைந்ததை 2001-இல் வெளியான சிறு ஆய்வு காட்டியது. எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரைகள் அடக்குவதும் இதே நொதியைத்தான். அந்த மாத்திரைகள் ரத்தத்தில் பொட்டாசியத்தைத் தேங்கவைக்கக் கூடியவை. ஒரு பெரிய குவளை மாதுளைச் சாற்றிலோ சுமார் 500 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் நலமாக உள்ளவருக்கு இது பெரும்பாலும் பொருட்டல்ல, சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பொருட்டுதான்.

கொலஸ்ட்ரால் மாத்திரைகளைப் பற்றிய அச்சம் வேறு வழியில் வந்தது. சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரைகளை நாம் விழுங்கும்போது, அதில் ஒரு பங்கை சிறுகுடலின் சுவரில் உள்ள சி.ஒய்.பி.3ஏ4 என்ற நொதி, ரத்தத்தில் சேரும் முன்பே சிதைத்துவிடுகிறது. வாசலிலேயே நின்று வசூலிக்கும் சுங்கக்காரரைப் போல. ஆரஞ்சு இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் என்ற பழத்தின் சாறு அந்த நொதியை மீளாதபடி முடக்குவதால், அதே மாத்திரை பல மடங்கு ரத்தத்தில் ஏறிவிடும். புதிய நொதி உருவாக ஓரிரு நாட்கள் ஆவதால், காலையில் சாறு, இரவில் மாத்திரை என்று பிரித்துக்கொண்டாலும் தப்ப முடியாது. மாதுளைச் சாறும் ஆய்வுக்கூடக் குழாய்களில் இந்த நொதியை அடக்கியது. எலிகளிலும் வேறொரு மருந்தின் அளவை உயர்த்தியது. கவலை அங்கே தொடங்கியது.

ஆனால் 2007-இல் மனிதர்களிடம் சோதித்தபோது கதை மாறியது. இதே நொதியால் சிதைக்கப்படும் மிடாசோலாம் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்ததில், கிரேப்ஃப்ரூட் அதன் அளவை உயர்த்தியது, மாதுளை உயர்த்தவில்லை. மாதுளையின் பெரிய மூலக்கூறுகள் பெரும்பாலும் முழுதாக உறிஞ்சப்படுவதில்லை. குடல் நுண்ணுயிரிகள் அவற்றை உடைத்து வேறு பொருட்களாக்கிவிடுகின்றன. எனவே குழாயில் கண்டதை உடலின் மீது அப்படியே ஏற்றிச் சொல்ல முடியாது.

அப்படியானால் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் அந்த நோயாளியின் கதை என்ன? 48 வயது ஆண் ஒருவர், எசெட்டிமைப் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தினமும், இன்னொரு ஸ்டாட்டினான ரோசுவாஸ்டாட்டினை 5 மில்லிகிராம் அளவில் ஒருநாள் விட்டு ஒருநாளும், 17 மாதங்களாகத் தொல்லையின்றி எடுத்துவந்தார். பிறகு வாரம் இருமுறை 200 மில்லிலிட்டர் மாதுளைச் சாறு குடிக்கத் தொடங்கினார். மூன்று வாரத்தில் தொடையில் வலி. தசை சிதையும்போது ரத்தத்தில் கலக்கும் சி.கே. நொதியின் அளவு ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது, இயல்பாக இருக்க வேண்டியது சில நூறுக்குள். 2006-இல் பதிவான இந்த நிகழ்வைச் சாற்றின் கணக்கில் எழுதுவதில் இரண்டு இடறல்கள் உள்ளன. ரோசுவாஸ்டாட்டினைச் சிதைப்பதில் சி.ஒய்.பி.3ஏ4-க்குப் பெரிய பங்கே இல்லை. மேலும், ஸ்டாட்டின் எடுக்காதபோதும் அவருடைய சி.கே. அளவு உயர்ந்தே இருந்தது. தசையில் முன்பே ஏதோ கோளாறு இருந்திருக்கலாம். சாறு ஒரு சந்தேக நபர்தான், குற்றவாளி என்று நிறுவப்பட்டவர் அல்ல என்பதே என் கணிப்பு.

எனினும் அறிகுறிகளைத் தெரிந்துகொள்வது பயனுள்ளது. உழைக்காமலேயே இரு தொடைகளிலும் தோள்களிலும் வலியும் பலவீனமும் தோன்றி, சிறுநீர் தேநீர் நிறத்துக்கு மாறினால், அன்றே மருத்துவரைப் பார்த்து சி.கே. பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்குத்தான் நான் கூடுதல் எச்சரிக்கை சொல்வேன், ஏனெனில் அந்த மருந்துக்குப் போதுமான அளவுக்கும் மிகையான அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் சாறு குடித்தபோது ஏறியதாகவும், வழக்கமாகக் குடித்துவந்தவர் நிறுத்தியபோது எண் இறங்கியதாகவும் தனித்தனி நோயாளிகளைப் பற்றிய பதிவுகள் உண்டு. தொடங்கினாலும் நிறுத்தினாலும் மருத்துவரிடம் சொல்லி, அடுத்த ஓரிரு வாரங்களில் ஐ.என்.ஆர். பரிசோதனையை ஒருமுறை கூடுதலாகச் செய்துகொண்டால், சாறு அவரவர் உடலில் என்ன செய்கிறது என்பது எண்ணாகவே தெரிந்துவிடும்.