பாடக் குறிப்பிலிருந்து ஃபிளாஷ் கார்டு: எந்த அட்டை எப்போது திரும்ப வரவேண்டும்?

உடற்கூறியல் வகுப்பில் கார்பல் டனல் பாடம் முடிந்ததும் பலர் இப்படி ஓர் அட்டை எழுதுவார்கள். முன்பக்கம்: "கார்பல் டனலுக்குள் என்னென்ன செல்கின்றன?" பின்பக்கம்: மீடியன் நரம்பு, ஒன்பது தசைநாண்கள், அவை எந்தெந்தத் தசைகளுக்கு உரியவை என்ற பட்டியல். குறிப்பில் ஒரே பத்தியாக இருந்ததால் அட்டையும் ஒன்றாகிவிட்டது. எவ்வளவு நல்ல அட்டவணை போட்டாலும் இந்த அட்டையில் அது நிற்காது.

காரணம் இடைவெளிக் கணக்கில் இருக்கிறது. போலந்தைச் சேர்ந்த பியோத்ர் வோஸ்னியாக் 1987இல் உருவாக்கிய SM-2 முறைதான் இன்றைய பல செயலிகளுக்கும் மூலம். புதிய அட்டை மறுநாள் வரும். நினைவிருந்தால் அடுத்து 6 நாள் கழித்து. அதன்பின் ஒவ்வொரு முறையும் முந்தைய இடைவெளியை ஒரு பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். அது 2.5இல் தொடங்குகிறது. ஆகவே 15 நாள், 38 நாள், 95 நாள் என்று இடைவெளி நீளும். வகுப்பு நடந்த நாளிலிருந்து எண்ணினால் அட்டை 1, 7, 22, 60ஆம் நாட்களில் கைக்கு வரும். மறந்துவிட்டால் மீண்டும் முதலிலிருந்து.

இப்போது அந்தப் பெரிய அட்டைக்கு வருவோம். நரம்பு நினைவிருக்கிறது, தசைநாண்கள் ஒன்பது என்பதும் நினைவிருக்கிறது, ஒரு தசையின் பெயர் மட்டும் வரவில்லை. முழு அட்டையும் தோல்விதான். தெரிந்த விஷயங்களும் மறுநாளே திரும்ப வந்து நிற்கும். ஆங்கி என்ற ஃபிளாஷ் கார்டு செயலியின் பழைய முறையில் இன்னொரு அடியும் உண்டு: மறந்துவிட்டது என்று Again பட்டனை அழுத்தும் ஒவ்வொரு முறையும் பெருக்கெண் 0.2 குறையும், 1.3 வரை இறங்கும். நினைவிருக்கிறது என்று Good அழுத்தினால் அது ஏறாது. 1.3க்கு வந்துவிட்ட அட்டை 10 நாளிலிருந்து 13, 17 என்று ஊர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே "டனல் வழியே செல்லும் நரம்பு எது?", "தசைநாண்கள் எத்தனை?", "கட்டைவிரலுக்குப் போகும் தசைநாண் எந்தத் தசையுடையது?" என்று பிரித்து எழுதுங்கள். அப்போது பலவீனமான துண்டு மட்டும் அடிக்கடி வரும், மற்றவை தள்ளிப்போகும்.

பட்டனிலும் ஒரு தவறு சகஜம். விடை வரவில்லை என்றாலும் மனம் கேட்காமல் Hard அழுத்துவார்கள். ஆங்கியில் Hard என்பது 'சிரமப்பட்டு நினைவுக்கு வந்தது' என்று பொருள்படும் தேர்ச்சி. மறந்த அட்டைக்கு அதை அழுத்தினால் இடைவெளி குறைவதற்குப் பதில் நீளும்.

அடுத்தது சுமை. தினம் 20 புதிய அட்டைகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதம் ஓடிய பிறகு எந்த நாளை எடுத்தாலும் நேற்றைய 20, 7 நாளுக்கு முந்தைய 20, 22 நாளுக்கு முந்தைய 20, 60 நாளுக்கு முந்தைய 20 என 80 அட்டைகள் வந்து நிற்கும். புதிய 20ஐயும் மறந்து திரும்பி வருபவற்றையும் சேர்த்தால் 100ஐத் தாண்டும். ஓர் அட்டைக்கு 10 விநாடி என்றாலே 17 நிமிடத்துக்கு மேல், புதியவற்றுக்கு இன்னும் கூடுதல். முதல் வாரத்தில் இதில் பாதிகூடத் தெரியாது. அந்தத் தைரியத்தில் தினம் 50 என்று ஏற்றிக்கொள்பவர்கள்தான் இரண்டாம் மாதம் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

நாலு நாள் விட்டுப்போய் 300க்கு மேல் சேர்ந்துவிட்டால் முதலில் புதிய அட்டைகளை நிறுத்துங்கள். பிறகு இடைவெளி குறைந்தவற்றிலிருந்து தொடங்குங்கள். மறுநாள் வரவேண்டிய அட்டை 5ஆம் நாள் வந்தால் இடைவெளி ஐந்து மடங்காகிவிடும். 38 நாள் அட்டைக்கு அதே நாலு நாள் ஒரு பொருட்டே அல்ல.

தேர்வு நெருங்கும்போது எல்லா இடைவெளிகளையும் சுருக்கத் தோன்றும். பழைய அட்டைகளுக்கு அது தேவையில்லை. 60ஆம் நாள் சரியாகச் சொன்ன அட்டை அடுத்து 95 நாள் கழித்துத்தான் வரும். தேர்வோ 90ஆம் நாளில். பார்த்து 30 நாள்தான் ஆகியிருக்கும். 95 நாளில் நினைவு 90 சதவீதத்துக்கு இறங்கும் என்று கணித்த அட்டை, 30 நாளில் 96 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஆங்கியில் 2023 முதல் உள்ள FSRS என்ற புதிய இடைவெளிக் கணக்கு முறையில் விரும்பும் நினைவு அளவை 0.90இலிருந்து 0.95க்கு ஏற்றினால் இடைவெளிகள் ஏறக்குறைய பாதியாகும், வேலை அதற்கேற்பக் கூடும். மாற்றுமுன் புள்ளிவிவரப் பக்கத்தைப் பாருங்கள். 21 நாளுக்கு மேல் இடைவெளி உள்ள அட்டைகளில் சரியான விடை 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மட்டும் சுருக்கலாம்.

உண்மையில் ஆபத்து கடைசிப் பாடங்களில்தான். தேர்வுக்கு 8 நாள் முன் எழுதிய அட்டை 1, 7ஆம் நாட்களில் இரண்டே முறை வரும். 1ஆம் நாள் மறந்தால் கணக்கு மறுபடி தொடங்கும், 6 நாள் அட்டை தேர்வு நாளன்றுதான் வரும். அந்த வாரப் பாடங்களைத் தனிக் கட்டாக வைத்து 1, 3, 6ஆம் நாட்களில் பாருங்கள். தேர்வுக்கு 3 நாளுக்கு முன் புதிய அட்டை எழுதுவதை நிறுத்திவிட்டுக் குறிப்பையே படிக்கலாம். அட்டை எழுதும் நேரத்துக்குள் பக்கமே முடிந்துவிடும்.