பீப் ஒலிக்குப் பிறகு 25 வினாடி

அம்பாசமுத்திரத்தில் இருந்துகொண்டு, சென்னையில் உள்ள ஒரு மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் போடுகிறோம். யாரும் எடுக்கவில்லை, பீப் ஒலிக்குப் பிறகு தகவலைச் சொல்லச் சொல்கிறது பதிவுக்குரல். அம்மா ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து கதையைத் தொடங்கி, கடைசியில் செல் எண்ணை ஒரே ஓட்டமாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறோம். கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தால் கூப்பிடுவதில்லை.

இப்படிப்பட்ட பதிவுகளைக் கேட்பவர் பெரும்பாலும் நம் கோப்பைப் பார்க்கும் ஆள் இல்லை. யாரோ ஒருவர் கேட்டு, ஒரு வரி எழுதி, உரிய மேசைக்கு அனுப்புகிறார். நாம் மளமளவென்று பேசுவோம். கையால் எழுதுகிறவருக்கு அதில் கால்வாசியைப் பிடிப்பதே பெரும்பாடு. ஆக, எப்படியும் மிஞ்சப்போவது ஒரு வரிதான். அந்த வரியை நாமே தேர்ந்து சொல்லிவிட்டால் கோப்பு சரியான மேசைக்குப் போகும்.

அடுத்த சிக்கல் காதில். பழைய தொலைபேசி முறை 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். இன்றைய 4ஜி அழைப்புகள் அதைவிட அகலமானவை என்றாலும், அலுவலக லேண்ட்லைனைத் தொட்டதும் பெரும்பாலும் பழைய அளவுக்கே சுருங்கிவிடும். ‘ஸ்’ என்ற சீறலின் வலு பெரும்பகுதி 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அது வெட்டுப்பட்டால் ‘எஸ்’ஸும் ‘எஃப்’பும் ஒன்றுபோலக் கேட்கும். ‘எம்’, ‘என்’ இரண்டும்கூடப் போனில் எளிதில் குழம்பும். இனிஷியலை வைத்தே ஆளைப் பிரித்தறியும் நமக்கு இது சில்லறை விஷயம் இல்லை. தென்மாவட்டக் கோப்புகளில் எத்தனை இசக்கிமுத்து இருப்பார்கள்! ‘எஸ்’ என்று மட்டும் சொல்லாமல் ‘சுப்பையா இசக்கிமுத்து’ என்று அப்பா பெயரையும் சேர்த்தே சொல்லிவிடுவது நல்லது.

எண்ணுக்கு வேறு கணக்கு. கேட்டதை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பிடித்து வைத்திருக்கும் நினைவு ஏறக்குறைய 2 வினாடிப் பேச்சு அளவுதான் கொள்ளும். ஐந்து இலக்கம் அதில் அடங்கும், பத்து அடங்காது. அதனால் ஐந்து சொல்லி, எழுதுகிற நேரம் விட்டு, அடுத்த ஐந்தைச் சொல்ல வேண்டும். ‘டபுள் ஃபோர் ஃபோர்’ என்பதை ஒருவர் 444 என்று எழுதுவார், இன்னொருவர் 44 என்று எழுதிவிடுவார். ஒவ்வொன்றாகவே சொல்லலாம். எண் முதலிலும் ஒருமுறை வரட்டும். சந்தேகம் வந்து திரும்பக் கேட்பவர், முழுக்கதையையும் கேட்காமல் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்வார்.

இனி, போன் போடும் முன் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய சீட்டு. பாலிசி அம்மா பெயரில், பேசுவது மகன், கேட்டிருந்த ஒரிஜினல் மருந்து பில்லைக் கூரியரில் அனுப்பியாயிற்று. எழுத வேண்டியது கிளெய்ம் எண், பில் அனுப்பிய நாள், ஒரே ஒரு கேள்வி. பாலிசி எண்ணைச் சொன்னால் போதாதா என்றால், ஒரே பாலிசியில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தால் இரண்டு கிளெய்ம் இருக்கும். எதைப் பற்றிக் கேட்கிறோம் என்பது கிளெய்ம் எண்ணில்தான் தெரியும்.

“வணக்கம். அம்பாசமுத்திரம் சுப்பையா இசக்கிமுத்து பேசுகிறேன். என் எண் (ஐந்து இலக்கம்… ஐந்து இலக்கம்). கிளெய்ம் பிரிவுக்கு. கிளெய்ம் எண் இது. பாலிசி அம்மா பேச்சியம்மாள் பெயரில். திங்கட்கிழமை கூரியரில் அனுப்பிய ஒரிஜினல் மருந்து பில் கோப்பில் சேர்ந்துவிட்டதா என்று தெரிய வேண்டும். நாளை காலை 10 முதல் 12 வரை அம்மாவும் நானும் இந்த எண்ணில் இருப்போம்.” கடைசியில் எண் இன்னொரு முறை.

நிதானமாகச் சொன்னாலும் இலக்கங்களுக்கான நேரம் நீங்கலாக 25 வினாடிதான் ஆகும். பிறந்த தேதி, ஆதார் எண், ஓடிபி எதையும் பதிவில் விடக் கூடாது. யார் கேட்பார்கள் என்று நமக்குத் தெரியாது.

‘அம்மாவும் நானும்’ என்பது மரியாதைக்காகச் சேர்த்த சொல் இல்லை. பாலிசிதாரரிடம் சில விவரம் கேட்டுச் சரிபார்த்த பிறகே கோப்பைப் பற்றிப் பேசுவது வழக்கம். மகன் மட்டும் எடுத்தால் “அவங்க இருக்கும்போது கூப்பிடுறோம் சார்” என்று வைத்துவிடலாம். வீட்டு எண்ணைக் கொடுத்துவிட்டு வெளியே போனாலோ, “அவன் கடைக்குப் போயிருக்கான், பொறவு போடுங்கய்யா” என்று ஆச்சி சொல்லிவிடுவாள். அந்த அழைப்பும் அதோடு முடிந்தது.

தவறவிட்ட எண்ணைத் திருப்பி அழைப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. அலுவலக எக்ஸ்சேஞ்ச் வழியாக எந்த மேசையிலிருந்து கூப்பிட்டாலும், நம் செல்லில் பல சமயம் பொது எண்தான் விழும். அதை அழைத்தால் வரவேற்பு மேசைதான் எடுக்கும். “இப்ப யாரோ கூப்பிட்டாங்க” என்றால் அவருக்கு வழி தெரியாது. கிளெய்ம் எண்ணைச் சொல்லி, அதைப் பார்ப்பவரின் பெயரும் எக்ஸ்டென்ஷன் எண்ணும் கேட்டு, அதே சீட்டின் கீழே எழுதிக்கொண்டால் அடுத்த முறை நேராக அவருடைய மேசைக்கே போகலாம்.