அவகாசம் கேட்கும் மின்னஞ்சலில் இருக்க வேண்டிய நேரக் கணக்கு

மென்பொருள் வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு வீட்டில் செய்து அனுப்பும்படி தரப்படும் அசைன்மென்ட்களைத் திருத்துவது பல ஆண்டுகளாக என் பணியின் ஒரு பகுதியாக இருக்கிறது. ஓசூரில் குடியிருந்துகொண்டு பெங்களூருக்குப் போய்வரும் எனக்கு, இரு பக்கத்து நடைமுறையும் ஓரளவு தெரியும். கெடு முடியும் தருவாயில் அவகாசம் கேட்டு வரும் மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை காரணத்தை நீளமாகச் சொல்கின்றன. எப்போது தருவீர்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. அண்மையில் நான் அருகிலிருந்து பார்த்த ஒரு நிகழ்வைக் கொண்டு இதை விளக்குகிறேன்.

கிருஷ்ணகிரியில் இருந்து தினமும் ஓசூர் சிப்காட்டுக்குப் பேருந்தில் வந்துபோகும் தம்பி ஒருவர், அங்கே உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறார். பெங்களூர் நிறுவனம் ஒன்று அவருக்கு வியாழக்கிழமை மாலை அசைன்மென்ட் அனுப்பி, ஞாயிறு இரவு 11.59-க்குள் தரும்படி கேட்டிருந்தது. மொத்தம் 10 மணி நேர வேலை என்று அவர் கணக்கிட்டு, வெள்ளி இரவுக்குள் 4 மணி நேர வேலையை முடித்துவிட்டார். சனிக்கிழமை மாலை 4 மணிக்குத் தொழிற்சாலையின் சர்வரில் வட்டு பழுதாகி, விலைப்பட்டியல் போட முடியாமல் போனது. விலைப்பட்டியல் இல்லாமல் இ-வே பில் எடுக்க முடியாது. இ-வே பில் இல்லாமல் சரக்கு லாரி வாசலைத் தாண்டாது. விடுப்பில் இருந்த அவரை உடனே வரச் சொன்னார்கள்.

அன்று மாலை 6 மணிக்கு அவர் என்னை அழைத்து, "அண்ணா, நாளைக்கு ராத்திரி வரைக்கும் பார்த்துட்டு, முடியலைன்னா அப்புறம் கேக்கலாமா?" என்றார். கூடாது என்றேன். வார இறுதியில் எச்.ஆர். பிரிவினர் மின்னஞ்சலைத் திறப்பது அரிது. ஞாயிறு இரவு 11 மணிக்குப் போகும் கடிதத்தை அவர்கள் திங்கள் காலையில் பார்க்கும்போது, அது கெடு முடிந்த பிறகு சொன்ன சாக்காகத்தான் தெரியும். அதே கடிதம் சனி மாலை 6.30 என்ற நேரக்குறிப்புடன் இருந்தால், திங்களன்றே படித்தாலும், தடங்கல் வந்த உடனே தெரிவித்தார் என்பது அந்தக் குறிப்பிலேயே விளங்கிவிடும்.

அவர் எழுதி வைத்திருந்த வரைவில் தொழிற்சாலையின் பெயர், எந்த வாடிக்கையாளருக்குப் போகும் சரக்கு, எந்த சர்வர் என்பதெல்லாம் இருந்தன. வாசலில் நின்ற லாரிகளின் படத்தையும் இணைத்திருந்தார். நம்பிக்கை வரும் என்று நினைத்துச் செய்ததுதான். ஆனால் திருத்தும் இடத்தில் இருப்பவனுக்கு முதலில் தோன்றுவது, நாளைக்கு நம் நிறுவனத்தின் சங்கதியையும் இவர் இப்படித்தான் வெளியே அனுப்புவாரோ என்பதே. காரணத்துக்கு ஒரு வாக்கியம் போதும். அந்தக் கடிதத்தை அலுவலக மின்னஞ்சலிலிருந்தோ அலுவலக மடிக்கணினியிலிருந்தோ அனுப்பக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. வேறு வேலை தேடுவது அங்கே யாருக்கும் தெரியாது.

அதிகம் பேசியது புதிய கெடுவைப் பற்றித்தான். திங்கள் இரவு வரை கேட்பதாக இருந்தார். இழந்தது ஒரு நாள், ஆகவே ஒரு நாள் கூடுதல் என்பது அவர் கணக்கு. இந்தக் கணக்கில்தான் பலர் இரண்டாம் முறையும் தவறுகிறார்கள். இழந்த நேரத்தை விட்டுவிட்டு, இனி உண்மையில் கிடைக்கப்போகும் நேரத்தை எண்ண வேண்டும். பழுது சரியாக ஞாயிறு மதியம் ஆகும் என்று அவருடைய மேலாளரே சொல்லியிருந்தார். இரவு முழுக்கக் கண்விழித்தவர் மாலைவரை தூங்காமல் எழுதும் நிரலில் பிழைதான் மிஞ்சும். ஆக ஞாயிறு இரவு 2 மணி நேரம். திங்கள் மாலை 6 மணிக்கு வேலை முடிந்து, பேருந்து பிடித்து, சூளகிரி தாண்டி, கிருஷ்ணகிரி வீடு சேர 8 மணி; சாப்பிட்டு உட்கார்ந்தால் 2 மணி நேரம். செவ்வாய் மாலையும் அதே. மீதி இருந்த 6 மணி நேர வேலைக்குச் சரியாக 6 மணி நேரம்தான் வருகிறது; கையில் மிச்சம் ஏதுமில்லை. எனவே புதன் காலை 9 மணி என்று கேட்கச் சொன்னேன். செவ்வாய் நள்ளிரவில் வந்தாலும் புதன் காலையில் வந்தாலும் திருத்துபவர் அலுவலகம் வந்துதான் திறப்பார். அவருக்கு வேறுபாடு இல்லை, இவருக்கோ விடியற்காலை ஒரு மணி நேரம் கைவசம் இருக்கும்.

கடிதம் ஆங்கிலத்தில், அசைன்மென்ட் வந்த அதே மின்னஞ்சலுக்குப் பதிலாகப் போனது. அதன் சாரம் இவ்வளவுதான்: "நான் பொறுப்பிலிருக்கும் ஒரு சேவை இன்று மாலை பழுதானதால் நாளை மதியம் வரை பணியில் இருக்க வேண்டியுள்ளது. அசைன்மென்ட்டில் தரவுத்தளப் பகுதியும் முதல் இரண்டு தேவைகளும் முடிந்துள்ளன. மூன்றாவது தேவையும் சோதனைகளும் மீதம். புதன் காலை 9 மணி வரை அவகாசம் தர இயலுமா? இயலாதெனில், ஞாயிறு இரவு உள்ள நிலையையே என் சமர்ப்பிப்பாக ஏற்றுக்கொள்ளலாம்." கடைசி வாக்கியத்தை எழுத அவருக்கு மனமில்லை. ஆனால் மறுப்பதற்கும் ஒரு வழி திறந்திருந்தால்தான் அது வேண்டுகோள்.

எதிர்பார்த்ததுபோல ஞாயிறு இரவு வரை பதில் வரவில்லை. பதில் வராததை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் அன்றிரவு 11.30-க்கு, எது முடிந்தது, எது முடியவில்லை என்பதை `README` கோப்பில் எழுதி, இருந்த நிலையை அப்படியே ஏற்றிவிட்டு, அதற்கு ஓர் அடையாளமும் இட்டார்:

```
git tag sunday-submission
git push origin main sunday-submission
```

பிறகு செய்த வேலையை வேறு கிளையில் வைத்துக்கொண்டார். அவகாசம் மறுக்கப்பட்டாலும் கெடுவுக்குள் தந்தது எது என்பதில் குழப்பம் வராது. தேதியை மாற்றி ஏமாற்ற முயல்கிறார் என்ற ஐயத்துக்கும் இடமிருக்காது.

திங்கள் காலை பதில் வந்தது. புதன் காலை முடியாது, திருத்துபவர் அன்று காலையே நேரம் ஒதுக்கியிருக்கிறார், செவ்வாய் இரவு 10 மணி வரை தரலாம் என்றார்கள். மறுபடி பேரம் பேசலாமா என்று தம்பி கேட்டார். இரண்டாம் முறை கேட்டு நான் பார்த்தவரையில் நல்லதாக முடிந்ததில்லை. நன்றி சொல்லி ஒப்புக்கொண்டு, வேலையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னேன்: மூன்றாவது தேவையின் முக்கிய வழியை மட்டும் முடித்து, அதற்கான சோதனைகளை எழுதிவிட்டு, பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டும் பகுதியை விட்டுவிட்டதாக `README`-இல் ஒரு வரி.

இந்த வழி எல்லா அசைன்மென்ட்டுக்கும் பொருந்தாது. இணைப்பைத் திறந்த கணத்திலிருந்து 3 மணி நேரம் என்று ஓடும் தேர்வுகளில், தொடங்கிய பிறகு அவகாசம் கேட்பது பெரும்பாலும் வீண். வேலையிடத்திலிருந்து அவசர அழைப்பு வர வாய்ப்புள்ள நாளில் அந்த இணைப்பைத் திறக்காமல் இருப்பதே வழி. மாதக் கடைசி இருப்புக் கணக்கு போல முன்பே தெரிந்த வேலையை அவசரம் என்று பின்னர் சொல்வதும் எடுபடாது. அதை அசைன்மென்ட் கைக்கு வந்த அன்றே சொல்லி, வேறு தேதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

தம்பி செவ்வாய் இரவு 9.40-க்கு அனுப்பினார். அடுத்த வாரம் நடந்த நேர்காணலில் சர்வர் பழுதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. விட்டுவிட்ட அந்தப் பகுதியை எப்படிச் செய்திருப்பீர்கள் என்றுதான் கேட்டார்களாம்.